"கல்யாணம் ஆயிடுச்சுங்களா?" என்று எச்.ஆர் கேட்டால்

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி கம்பெனிக்கு இன்டர்வியூ போனால், வேலையைப் பற்றிய முதல் கேள்விக்கு முன்பாகவே இரண்டு மூன்று கேள்விகள் வந்துவிடும். எந்தூருங்க? கல்யாணம் ஆயிடுச்சுங்களா? கொழந்தைங்க எத்தன? கேட்பவர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஈரோடு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் அக்காவும் இதையேதான் கேட்பார். ஆனால் அந்த அக்கா நம் பதிலை வைத்து நமக்கு வேலை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போவதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மரியாதையாகக் கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். சொன்ன பதில் ஃபைலில் ஏறிவிடுகிறது.

நான் பல வருடங்களாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதலில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் எச்.ஆர் பிரிவில் இருந்தேன். இப்போது திருப்பூரிலும் கோவையிலும் கேட்கிறவர்களுக்கு, துணி வாங்குகிற பையரின் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ் ஆட்களைத் தேடிக் கொடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லி மேலிருந்து வரும் அழுத்தமும் தெரியும், அதை எதிர்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகமும் தெரியும். இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேலை சம்பந்தமான ஒரு பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லிவிட்டால், சொந்த விஷயத்தைச் சொல்லாமல் விட்டதைப் பலர் கவனிப்பதுகூட இல்லை.

குழந்தை பற்றிய கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். கஷ்டமானது அதுதான். வயதைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகலாம். கல்யாணம் ஆனதைக் கழுத்திலிருக்கும் தாலிக்கொடியும் காலிலிருக்கும் மெட்டியும் நாம் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடும். ஆனால் "குழந்தை எப்போ?" என்பதற்கு உண்மையான பதில் பல சமயம் நமக்கே தெரியாது. தெரிந்தாலும், மாமியாரிடம்கூடச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருக்கும் பெண்ணிடம் இந்தக் கேள்வி எப்படிப் போய் இறங்கும் என்று கேட்பவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

முதலில் அந்தப் பயத்தின் கணக்கைப் பார்ப்போம். மகப்பேறு உதவிச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரம் ஆக்கினார்கள். 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம்தான். ஒரு மெர்ச்சண்டைசருக்கு மாதம் 32,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு 1,92,000 ரூபாய். இது முழுக்க கம்பெனியின் கையிலிருந்து போகிறது, அரசு பங்கு எதுவும் இல்லை. அந்த ஆறு மாதமும் அவர் இடத்தில் இன்னொருவரை வைத்தால் அவருக்கும் தனியாகச் சம்பளம். முதலாளிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். எச்.ஆரை அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பது இதுதான்.

அதே கம்பெனியில் செக்கிங்கில் மாதம் 14,000 வாங்கும் பெண்ணுக்கு நிலைமை வேறு. மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவர்கள் ஈ.எஸ்.ஐ-க்குள் வந்துவிடுகிறார்கள். அவர்களுடைய மகப்பேறு காலச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ கழகமே கொடுக்கிறது, கம்பெனி தனியாக ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. ஆக, 21,000-க்குக் கீழே உள்ள வேலைக்கு இந்தக் கேள்வி வந்தால் எதிரில் இருப்பவரின் கவலை காசு கிடையாது, அந்த மிஷினில் யார் உட்காருவார்கள் என்பதுதான். 21,000-க்கு மேலே போனால் இரண்டு கவலையும் சேர்ந்துகொள்ளும். போவதற்கு முன்பே இதை யோசித்து வைத்திருந்தால் எதற்குப் பதில் சொல்லப் போகிறோம் என்பது தெளிவாகிவிடும்.

இன்னொரு பயமும் உண்டு. சேர்ந்த அடுத்த மாதமே லீவு கேட்டால் என்ன செய்வது? சட்டத்திலேயே இதற்கு வரம்பு இருக்கிறது. பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருந்தால்தான் கம்பெனி சம்பளம் தர வேண்டும். இது எச்.ஆரில் இருக்கிற பலருக்கே தெரியாது. அதை அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு நாம் அவருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சரி, ஒரு நிஜக் கதைக்கு வருகிறேன். அடையாளம் தெரியாத அளவுக்குச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பெருந்துறைப் பக்கத்துப் பெண், வயது 29, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவிநாசியில் ஒரு நடுத்தர கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஐரோப்பிய பையர் ஒருவரின் குழந்தை உடைகளை முழுக்க அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பூரில் கொஞ்சம் பெரிய கம்பெனி ஒன்றில் ஆள் தேவை என்று நான்தான் அனுப்பினேன். போவதற்கு முந்தின நாள் போனில், "குழந்தையப் பத்திக் கேட்டா என்னக்கா சொல்றது?" என்றார். "நீ என்ன சொல்லலாம்னு இருக்கற?" என்று கேட்டேன். "அது என்ற பர்சனல் சார்னு சொல்லீரலாம்னு இருக்கேன்" என்றார்.

அப்படிச் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி எதிரில் இருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. ஐம்பது வயது மேனேஜர், தன் மகள் வயதுப் பெண்ணிடம் சகஜமாகக் கேட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் மெர்ச்சண்டைசிங் பற்றி என்ன பேசினாலும் அவர் காதில் ஏறாது. தவிர, அவருடைய பயம் அப்படியே இருக்கிறது, பதிலே வரவில்லை. பதில் வராத பயத்தை அவர் தனக்குத் தெரிந்த வகையில் நிரப்பிக்கொள்வார். "ஏதோ இருக்கு, அதான் மறைக்குது."

பொய் சொல்லலாமா என்றும் அந்தப் பெண் கேட்டார். "ரெண்டு வருசத்துக்கு பிளான் இல்லீங்கன்னு சொல்லீரட்டுமா?" வேண்டாம் என்றேன். பாவம் புண்ணியம் பார்த்துச் சொல்லவில்லை. அந்த வாக்கியம் ஒரு வாக்குறுதி. ஏழாம் மாதத்தில் நிலைமை மாறினால், சட்டப்படி யாரும் எதுவும் செய்ய முடியாவிட்டாலும், "அன்னிக்கு என்ன சொன்னீங்க?" என்ற பார்வையோடு தினமும் வேலை பார்க்க வேண்டி வரும். சில இடங்களில் இதை எழுதியே வாங்குகிறார்கள். மகப்பேறு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் சட்டத்தின் முன் நிற்காது. ஆனாலும் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு அது தெரியாவிட்டால், நிற்காத காகிதமே அவரைக் கட்டிப்போட்டுவிடும்.

பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் சட்டம் என்ன சொல்லும் என்பதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. நீரா மாத்தூர் என்பவர் எல்.ஐ.சி-யில் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த படிவத்தில் மாதவிடாய் எப்போது வந்தது, இதற்கு முன் கர்ப்பம் உண்டா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். அவர் எழுதிய தேதி தவறு என்று சொல்லி, பிரசவ விடுப்பில் இருந்தவரைத் தகுதிகாண் காலத்திலேயே நீக்கிவிட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளே சங்கடப்படுத்துபவை என்று சொல்லி, அவற்றைப் படிவத்திலிருந்து நீக்கவும் சொன்னது. கடைசியில் நியாயம் கிடைத்தது. ஆனால் அதற்காக அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலைக்காக யார் டெல்லி வரை போவது?

இரண்டு பேரும் உட்கார்ந்து பதிலை மாற்றி எழுதினோம். மறுநாள் அறைக்குள் நடந்தது இதுதான், அவர் சொன்னபடி எழுதுகிறேன்.

மேனேஜர்: "கல்யாணம் ஆயிடுச்சுங்களாம்மா?"

"ஆயிடுச்சுங்க சார். அவிநாசியிலதான் இருக்கறம். இங்க வர அரை மணி நேரம் ஆகுமுங்க."

கவனியுங்கள், கல்யாணத்தை அவர் மறைக்கவில்லை. மறைத்தும் பயனில்லை. ஆனால் பதிலை அங்கே நிறுத்தாமல், அந்தக் கேள்விக்குப் பின்னாலிருந்த பயத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார். கல்யாணமான பெண் என்றால் புருஷன் வேலை மாறி வேறு ஊருக்குப் போவாரோ, தினமும் தூரத்திலிருந்து வருவாரோ என்பதுதான் அவர்களுடைய கவலை. புருஷன் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பதற்கெல்லாம் அதில் இடமே வரவில்லை.

"குழந்தைங்க?"

"இன்னும் இல்லீங்க சார்."

"எப்ப பிளான் பண்ணிருக்கீங்க? தப்பா எடுத்துக்காதீங்கம்மா, ஆர்டர் நடுவுல ஆளில்லாம போயிருது."

"இல்லீங்க சார், புரியுதுங்க. அதப் பத்தி இப்ப சொல்ற மாதிரி எதுவும் இல்லீங்க. ஆனா ஆர்டர் நடுவுல நிக்காதுன்னு நான் சொல்ல முடியுமுங்க. இப்ப பாக்கற பையரோட டி.என்.ஏ ஷீட்ட எங்கூட இருக்கற ரெண்டு பேருக்கும் தெரியற மாதிரிதான் வெச்சிருக்கேன். லேப் டிப் எங்க நிக்குது, பி.பி. சாம்பிள் எப்ப போகோணும்னு நான் வராத நாள்லயும் அவங்க பையருக்குப் பதில் போட்டுருவாங்க. இங்க ஒரு மெர்ச்சண்டைசர் எத்தன பையர் பாப்பாங்க சார்?"

இந்தப் பதிலை நிதானமாகப் பார்க்கலாம். "புரியுதுங்க" என்று முதலில் அவருடைய கவலையை ஏற்றுக்கொள்கிறார், கேள்வியை ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்து ஒரே ஒரு வாக்கியத்தில் மறுக்கிறார். "இப்ப சொல்ற மாதிரி எதுவும் இல்லீங்க" என்பதில் பொய் இல்லை, வாக்குறுதியும் இல்லை. அதற்குக் காரணம் சொல்லவும் இல்லை. காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும். உடனே வேலைக்குத் தாவி, ஆர்டர் நிற்காமல் இருக்க என்ன செய்கிறேன் என்பதைத் துறைக்காரருக்குப் புரியும் வார்த்தைகளில் சொல்கிறார். லேப் டிப் என்பது பையர் ஒப்புக்கொள்ள வேண்டிய சாய மாதிரி, பி.பி. சாம்பிள் என்பது உற்பத்திக்கு முந்தைய மாதிரி உடை. டி.என்.ஏ என்பது டைம் அண்ட் ஆக்‌ஷன், அதாவது ஓர் ஆர்டர் எடுத்ததிலிருந்து ஷிப்மென்ட் வரை எந்தத் தேதியில் எது முடிய வேண்டும் என்ற அட்டவணை. அதை மெர்ச்சண்டைசர் தன் தலைக்குள்ளேயே வைத்திருந்தால்தான் ஆள் இல்லாத நாளில் ஆர்டர் தொங்கும். மேனேஜருக்கு அந்த வலி நன்றாகவே தெரியும். கடைசியாக ஒரு கேள்வியைக் கேட்டு பேச்சை அவர் கையில் கொடுத்துவிடுகிறார். அதற்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அதோடு பேச்சு பையருக்குப் போய்விடுகிறது.

பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பவும் வந்தார். "போன வருசம் ஒரு பொண்ணு சேந்து ஆறே மாசத்துல லீவுல போயிருச்சும்மா. மொதலாளி என்னையத்தான் சத்தம் போட்டாரு."

இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தோம். "உங்களுக்குச் சங்கடமாத்தானுங்க சார் இருந்திருக்கும். நாளைக்கு என்ன வரும்னு என்னாலயும் சொல்ல முடியாதுங்க. எதுக்காக நீளமா லீவு போட வேண்டி வந்தாலும் முன்கூட்டியே சொல்லி, ஆர்டர ஒருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டுத்தானுங்க போவேன். இப்ப இருக்கற கம்பெனிலயும் அப்படித்தான் செஞ்சிட்டு வரப்போறேன். ஒரு மாச நோட்டீஸ் குடுக்கோணுமுங்க."

இரண்டாவது தடவை கேட்பவரிடம் முதல் பதிலையே திருப்பிச் சொன்னால் எரிச்சல் வரும். புதிதாகத் தருவதற்கு ஏதாவது வேண்டும். நாம் தரக்கூடியது முன்னறிவிப்பும் ஒப்படைப்பும் மட்டும்தான். அதைத் தாராளமாகத் தரலாம், எப்படியும் செய்யப்போவதுதானே. நோட்டீஸ் காலத்தைப் பற்றிய அந்தக் கடைசி வரி தானாக வந்தது, நான் சொல்லிக்கொடுத்ததில்லை. பழைய கம்பெனியை நட்டாற்றில் விட்டுவிட்டு வரமாட்டார் என்பதை அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

மூன்றாவது தடவையும் கேட்டால்? அந்தப் பெண்ணுக்கு அது வரவில்லை. வந்திருந்தால் சொல்வதற்கு ஒரு வரி தயாராக இருந்தது. "மன்னிச்சுக்கங்க சார், அதுக்கு மேல சொல்றதுக்கு இல்லீங்க. வேலையப் பத்தி எது வேணாலும் கேளுங்க." இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கஷ்டம் அங்கேதான். அறையில் அமைதி விழுந்தால் அதை நிரப்ப வேண்டும் என்று நமக்குக் கை அரிக்கும். "இல்லீங்க, டாக்டர்கிட்டப் போயிட்டுத்தான் இருக்கறம்" என்று தேவையில்லாததெல்லாம் அந்த நிமிஷத்தில்தான் வெளியே வரும். சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அடுத்து அவர்தான் பேசுவார்.

அந்த வேலை அவருக்குக் கிடைத்தது. இதே மாதிரி பதில் சொன்ன வேறொரு பெண்ணுக்கு வேறோர் இடத்தில் கிடைக்கவில்லை. அங்கே முதலாளி, கல்யாணமான பெண்ணே வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தாராம், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எந்தப் பதிலும் அங்கே எடுபட்டிருக்காது. பதில் நன்றாக இருந்தும் கிடைக்காவிட்டால் பதிலைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார வேண்டாம்.

இப்படி முடிவு செய்வது சட்டப்படி சரியா என்று கேட்பீர்கள். கல்யாணமாகிவிட்டதா என்று தனியார் கம்பெனி கேட்கவே கூடாது என்று நம் நாட்டில் நேரடியாகச் சொல்லும் சட்டம் இல்லை. பெண் என்பதற்காக ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-இன் சம ஊதியச் சட்டம் சொன்னது, 2019-இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஐபோன் ஆலையொன்றில் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் அந்தச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித்தான் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

திருப்பூரில் சட்டத்தைவிட இன்னொன்றுக்குப் பயம் அதிகம். வெளிநாட்டு பையரின் நடத்தை விதிகள். ஐரோப்பிய பையர்கள் பலர் பின்பற்றும், எதிக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ் என்ற ஈ.டி.ஐ அமைப்பின் அடிப்படை விதிகளில், ஆள் எடுக்கும்போது பாகுபாடு காட்டக் கூடாதவற்றின் பட்டியலில் சாதி, வயது, பாலினம் ஆகியவற்றோடு திருமண நிலையும் பெயர் சொல்லியே இருக்கிறது. தொழிலாளர்களை நடத்தும் விதத்துக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வாங்கிய கம்பெனியில் கர்ப்பப் பரிசோதனை செய்யவே கூடாது. நிறைய கம்பெனிகளில் இந்த விதிகளைத் தமிழில் அச்சடித்து சுவரில் மாட்டியிருப்பார்கள். குழந்தை எப்போது என்று கேட்கிற மேனேஜரின் முதுகுக்குப் பின்னாலேயே அது தொங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கை நீட்டிக் காட்டச் சொல்லவில்லை. இன்டர்வியூவில் அது சண்டைக்கு அழைக்கிற மாதிரி ஆகிவிடும். ஆனால் மறுக்கிறபோது நாம் ஏதோ பெரிய மரியாதைக் குறைவு செய்கிறோம் என்ற உறுத்தல் வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

இன்டர்வியூவில் வாயைக் கட்டிக்கொண்டு, பயோடேட்டாவில் கொட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரவுசிங் சென்டரில் அடித்துத் தரும் பழைய மாடலின் கடைசியில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மொழிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். நாமே எழுதிக் கொடுத்ததைப் பற்றி அவர்கள் கேட்பதில் தப்பே சொல்ல முடியாது. ரிசப்ஷனில் ஒரு ஜெராக்ஸ் படிவம் நீட்டுவார்கள், குடும்பத்தில் எல்லோர் பெயரும் வேலையும் கேட்டிருக்கும். தேவையில்லாத கட்டத்தில் "சேரும்போது தருகிறேன்" என்று எழுதலாம். இது சாக்குப்போக்கு இல்லை. வேலை உறுதியான பிறகு பி.எஃப் படிவத்திலும் ஈ.எஸ்.ஐ பதிவிலும் கிராஜுவிட்டி நியமனத்திலும் பிறந்த தேதி, கல்யாண விவரம், குடும்ப விவரம் எல்லாம் உண்மையிலேயே தேவைப்படும். அங்கே ஒன்றையும் மறைக்கக் கூடாது. நாளைக்குப் பணம் வந்து சேர வேண்டிய இடம் அது. முன்பே பொய் சொல்லியிருந்தால் வெளியே வருவதும் அங்கேதான்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருந்தால்? இன்டர்வியூவில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் சொந்த அபிப்பிராயம், ஆஃபர் கடிதம் கையில் வந்ததும், சேருவதற்கு முன் சொல்லிவிடுவது நல்லது. மேலே சொன்ன 80 நாள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தேதி நெருக்கமாக இருந்தால் சம்பளமில்லாத விடுப்புதான் கிடைக்கும். அது பரவாயில்லையா என்று நீங்களும் யோசிக்க வேண்டும்.

வயதுக் கேள்வி இவ்வளவு சிக்கலானது இல்லை. கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றுக்கு 47 வயது ஃபவுண்டரி சூப்பர்வைசரை அனுப்பினேன். கேட்ட எச்.ஆர் பையனுக்கு 26 இருக்கும். வயது டி.சி-யிலும் ஆதாரிலும் இருக்கிறது, பத்தாவது முடித்த வருடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதனால் சுற்றி வளைத்தால் நாம்தான் சங்கடப்படுவோம். அவர் இப்படிச் சொன்னார்: "நாப்பத்தேழுங்க. ரிட்டயர்மென்டுக்கு இன்னும் பதினோரு வருசம் இருக்குதுங்க. இப்ப இருக்கற எடத்துல என்ற மேனேஜர் என்னைவிடச் சின்னவருதான், நாலு வருசமா அவருகிட்டத்தான் ரிப்போர்ட் பண்றேன்." பல ஆலைகளில் ஓய்வு வயது 58, பி.எஃப் பென்ஷன் திட்டத்திலும் 58 வரைதான் உறுப்பினர். ஆக அந்தப் பதினோரு வருடம் வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சின்ன வயது மேனேஜருக்குக் கீழே வேலை செய்வாரா என்று அந்தப் பையன் கேட்க நினைத்துக் கேட்காமல் இருந்ததற்கும் அதிலேயே பதில் வந்துவிட்டது.

அப்புறம் அந்த முதல் கேள்வி, எந்தூருங்க என்பது. அதற்கு ஊர் பேரைச் சொன்னால் போதும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இந்தப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தெரியும், அடுத்தது "யாரு வூட்டுப் பொண்ணு?", அதற்கடுத்தது "எந்தக் கோயிலு?". மூன்று கேள்வியில் சாதி வந்துவிடும். இங்கே என்னிடம் அனுதாபம் கிடையாது. குழந்தைக் கேள்விக்குப் பின்னாலாவது ஓர் ஆர்டர் இருக்கிறது, இதற்குப் பின்னால் வேலை சம்பந்தமாக ஒன்றுமே இல்லை. ஆனாலும் பதில் மரியாதையாகவே இருக்கலாம். "பெருந்துறைப் பக்கமுங்க, இப்ப அவிநாசியில இருக்கறம், எட்டரை ஷிப்டுக்கு எட்டேகாலுக்கே வந்துருவேனுங்க." எந்தக் கோயில் என்று அதற்கும் மேலே கேட்டால், நான் அனுப்புகிற பிள்ளைகளிடம், "எல்லாக் கோயிலுக்கும் போவமுங்க" என்று சொல்லச் சொல்கிறேன்.